நடுமடிப்புக் கருநிழலும் வளைந்த ஓரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் என் வீட்டு விறாந்தையில் ஒரு மேசையும் கறுப்புத் துணியும் கண்ணாடித் தட்டும் கிடக்கின்றன. பழைய கல்வெட்டுகள், கோயில் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள் என்று அக்கம்பக்கத்தார் கொண்டுவருவதைப் போன் கமராவால் படமெடுத்துச் சுத்தம் செய்து கொடுப்பது எனக்குப் பொழுதுபோக்காக ஆரம்பித்த வேலை. (இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு: இங்கே ஒருவர் இறந்த 31ஆம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தையும் கல்வெட்டு என்றுதான் சொல்வோம். கல்லில் வெட்டியது அல்ல.) கேட்கிறவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதிவைத்தேன்.

"அண்ணா, புத்தகம் நடுவில ஏன் கறுப்பா விழுது? லைட் போட்டுத்தானே எடுத்தனான்?"

வெளிச்சம் போதாமல் இல்லை. தாள் திரும்பி நிற்கிறது, அவ்வளவுதான். விரித்த புத்தகத்தில் தாள், பக்கங்கள் இணையும் கட்டுப் பக்கத்தை நெருங்கும்போது கீழ்நோக்கி வளைந்து இறங்குகிறது. மேலே இருந்து வரும் வெளிச்சத்துக்குத் தட்டையான பகுதி முகம் கொடுத்து நிற்கிறது; இறங்கும் பகுதி சாய்ந்து நிற்கிறது. சாய்வு கூடக் கூட ஒரே வெளிச்சம் அதிக பரப்பில் பரவி மங்குகிறது. போதாததற்கு எதிர்ப்பக்கமும் எழும்பி நின்று வெளிச்சத்தை மறைக்கிறது.

வரிகள் கட்டருகே வில் போல் வளைவதற்கும் இதே சாய்வுதான் காரணம். அங்கே உள்ள எழுத்துகள் ஒடுங்கித் தெரிவதற்கும் அதுவே காரணம். கமராவுக்கு 60 பாகை சாய்ந்து நிற்கும் எழுத்து, அதன் உண்மை அகலத்தில் பாதியாகத்தான் படத்தில் விழும். நிழல், வளைவு, ஒடுக்கம் மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகள். இதை மனதில் வைத்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகத் தெரியும்.

"அந்தக் கறுப்புப் பட்டையை அப்பிடியே வெட்டி எறிஞ்சா முடிஞ்சுதுதானே?"

நிழலுக்குள் எழுத்து இல்லை என்றால் வெட்டுங்கள், தப்பில்லை. பெரும்பாலும் இருக்கும்.

அண்மையில் 1971இல் அச்சான ஒரு கல்வெட்டு வந்தது. 48 பக்கம், தாள் எட்டரை அங்குல உயரம், ஐந்தரை அங்குல அகலம். போன் படம் 3000க்கு 4000 பிக்சல். அதில் தாளின் உயரம் 3400 பிக்சலை நிரப்பியது. 3400ஐ எட்டரையால் வகுத்தால் அங்குலத்துக்கு 400 பிக்சல். வாசிக்கவும் அச்சடிக்கவும் அது தாராளம். அச்சகம் கட்டுப் பக்கம் அரை அங்குலம் வெற்றிடம் விட்டிருந்தது, அதாவது தட்டையாக இருந்தால் 200 பிக்சல். படத்தில் அளந்தால் வெறும் 110 பிக்சல்தான். மீதி சாய்வில் ஒடுங்கிவிட்டது. நிழலோ மடிப்பிலிருந்து 260 பிக்சல் வரை படர்ந்திருந்தது. ஆக, 150 பிக்சல் அகலத்துக்கு நிழல் எழுத்தின் மேலேயே கிடந்தது. ஒவ்வொரு வரியிலும் மூன்று நான்கு எழுத்து.

கண்ணை மூடிக்கொண்டு நிழலை வெட்டியிருந்தால் 48 பக்கத்திலும் வரி நுனிகள் போயிருக்கும்: வலப்பக்கங்களில் வரித் தொடக்கம், இடப்பக்கங்களில் வரி முடிவு. "பிறந்தார்" என்று முடியும் வரி "பிறந்" என்று நிற்கும். யார், எங்கே, எப்போது என்பதெல்லாம் கல்வெட்டில் அநேகமாக வரி முடிவில்தான் வந்து விழுந்திருக்கும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

"அப்ப முதல்ல எதைச் செய்யிறது, வெட்டுறதா நிமிர்த்துறதா?"

இரண்டு தடவை வெட்ட வேண்டும். முதல் வெட்டு தாராளமானது. மேசை, துணி, விரல், எதிர்ப்பக்கத்தின் பெரும்பகுதி எல்லாவற்றையும் நீக்கி, தாளைச் சுற்றி ஒரு விரல் நகமளவு மிச்சம் விடுங்கள். பிறகு வெளிச்சத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு வளைவை நிமிர்த்துங்கள். கடைசியாகத்தான் துல்லியமான வெட்டு.

வளைந்த பக்கத்தில் நேர்க்கட்டம் போட்டு இறுக்கமாக வெட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதல் வரி கட்டருகே மேலேயோ கீழேயோ வளைந்து போகிறது. நேர்க்கோடு அதை நறுக்கிவிடும், அல்லது அதைக் காப்பாற்றப் போய் மறுபக்கத்தில் கறுப்பு முக்கோணம் ஒன்று மிஞ்சும். நிமிர்த்திய பிறகு வெட்டினால் இந்த இழுபறியே இல்லை.

"எடுக்கும்போதே நிழல் விழாமல் பண்ண ஏலாதா?"

முழுதாக ஏலாது, முக்கால்வாசி ஏலும். இங்கே செலவழிக்கும் பத்து நிமிடம் கணினியில் இரண்டு மணித்தியாலத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டாம். ஒரு பக்கத்தைத் தட்டையாகக் கிடத்தி, மற்றப் பக்கத்தை அட்டையோடு சேர்த்துச் செங்கல்லிலோ தடித்த புத்தகத்திலோ சாய்த்து நிமிர்த்தி வையுங்கள். புத்தகம் 100 பாகை அளவில் திறந்திருந்தால் போதும். முழுதாக மலர்த்த வேண்டியதில்லை, கட்டுக்கும் நல்லது. எடுக்கும் பக்கத்தின் மேல் கண்ணாடித் தட்டை வைத்து, அதன் ஓரம் மடிப்புக்குள் போய் நிற்கும்படி மெல்ல அழுத்துங்கள். ஹார்ட்வெயார் கடையில் 4 மில்லிமீற்றர்க் கண்ணாடி வெட்டி, ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். தேய்க்காத ஓரம் தாளையும் அறுக்கும், விரலையும் அறுக்கும்.

வெளிச்சம் கட்டுக்குக் குறுக்காக வர வேண்டாம். புத்தகத்தின் தலைப் பக்கமிருந்து, கட்டு ஓடும் திசையிலேயே வரட்டும். அப்போது எழும்பி நிற்கும் பக்கத்தின் நிழல் இந்தப் பக்கத்தில் விழாது. நான் யன்னலுக்கு நேரே புத்தகத்தின் தலையை வைக்கிறேன். இங்கே காலை வெளிச்சம் கடல் பக்கமிருந்து நேராக வந்து அடிக்கும், அதனால் ஒரு வெள்ளைச் சேலையைத் திரையாகப் போட்டால்தான் இதமாக இருக்கும். பிற்பகலில் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் விறாந்தையில் எடுக்கவே முடியாது. தாள் பறக்கும், தூசி கண்ணாடியில் படியும்.

போனைத் தாளுக்கு நெருக்கமாகப் பிடிக்காதீர்கள். தாள் படத்தை நிரப்பும் அளவுக்கு எட்டவே நிறுத்துங்கள். நெருங்கினால் மேலே இருக்கும் தட்டைப் பகுதி தெளிவாகவும் கீழே இறங்கும் கட்டுப் பகுதி மங்கலாகவும் விழும். மங்கலை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

"வலப்பக்கம் எல்லாம் ஒருமாதிரி, இடப்பக்கம் எல்லாம் வேறமாதிரி வருது. ஒவ்வொண்டா வெட்டிச் சீவன் போகுது."

ஒற்றை எண் பக்கங்கள் எல்லாவற்றையும் முதலில் எடுங்கள். பிறகு புத்தகத்தைத் திருப்பி வைத்து இரட்டை எண் பக்கங்களை எடுங்கள். ஒற்றைப் பக்கத்துக்குக் கட்டு இடது ஓரத்தில், இரட்டைப் பக்கத்துக்கு வலது ஓரத்தில். போனும் புத்தகமும் அசையாமல் இருந்தால் 24 படத்துக்கும் முதல் வெட்டின் அளவு ஒன்றுதான். இரண்டு கட்டளையில் 48 பக்கமும் முடிந்துவிடும். பக்கங்களைப் புரட்டப் புரட்ட அடுக்கின் உயரம் கொஞ்சம் மாறும். தாராளமாக மிச்சம் விடச் சொன்னது அதற்காகவும்தான்.

"நிழலைக் குறைக்க பிறைட்னெஸ் கூட்டினேன். நடுவில இருந்த எழுத்து வெளிறிப் போச்சு."

போகத்தான் செய்யும். பிரகாசத்தைக் கூட்டும்போது முழுப் படத்துக்கும் ஒரே அளவு கூடுகிறது. தேவை என்னவோ இடத்துக்கு இடம் வேறு அளவு.

அதே கல்வெட்டின் 14ஆம் பக்கத்தில் பிக்சல் அளவைத் தொட்டுப் பார்த்தேன். கறுப்பு 0, வெள்ளை 255 என்ற கணக்கில், பக்க நடுவில் தாள் ஏறக்குறைய 215, எழுத்து 60. மடிப்பருகே தாள் 90, எழுத்து 25. தாள் 90 என்றால் அது பக்க நடுவின் எழுத்தை விடக் கொஞ்சம்தான் வெளிச்சம். "128க்குக் கீழே எல்லாம் கறுப்பு" என்று ஒரே கோடு கிழித்தால் மடிப்பருகே தாளும் எழுத்தும் சேர்ந்து கறுப்பாகிவிடும். கோட்டை 70க்கு இறக்கினால் மடிப்பு தப்பும், நடுவில் மெல்லிய கோடுகள் உடையும்.

கழிப்பதற்கும் கூட்டுவதற்கும் பதிலாக வகுத்துப் பாருங்கள். 60ஐ 215ஆல் வகுத்தாலும் 25ஐ 90ஆல் வகுத்தாலும் விடை கிட்டத்தட்ட ஒன்றுதான்: 0.28. அதாவது எழுத்து எங்கே இருந்தாலும் அதன் பிக்சல் அளவு தன் அடித்தாளின் அளவில் 28 வீதம்தான். ஒவ்வோர் இடத்தையும் அந்த இடத்துத் தாளின் வெளிச்சத்தால் வகுத்தால் நிழல் மறையும், எழுத்து ஒரே கருமையில் நிற்கும்.

"அந்த இடத்துத் தாளின்ர வெளிச்சம் எவ்வளவு எண்டு ஆர் போய் அளக்கிறது?"

படத்தையே நன்றாக மங்கலாக்குங்கள். எழுத்துகள் கரைந்து, வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சும். அதுதான் அளவு. ImageMagick என்ற படத்திருத்தக் கட்டளைக் கருவியை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு, தாராள வெட்டும் வகுத்தலும் ஒரே கட்டளையில்:

```
magick p014.jpg -auto-orient -crop 2300x3500+350+250 +repage \
  -colorspace Gray \( +clone -blur 0x60 \) \
  -compose Divide_Src -composite p014.png
```

விண்டோசில் அடைப்புக்குறிக்கு முன்னாலும் வரி முடிவிலும் உள்ள சாய்கோடுகளை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே வரியில் தட்டுங்கள். `-auto-orient` முக்கியம். போன் தன் படத்தைப் படுக்கையாகச் சேமித்து "இதைத் திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பு மட்டும் வைக்கும் வழக்கம் உண்டு. அந்தச் சொல்லை விட்டால் வெட்டு வேறெங்கோ விழும்.

கட்டளை பிடிக்காதவர்களுக்கு GIMP என்ற படத்திருத்த மென்பொருள். படலத்தை ஒரு பிரதி எடுத்து, மேலே உள்ள பிரதிக்கு Gaussian Blur கொடுத்து, அதன் Mode என்பதை Divide ஆக்கினால் அதே விளைவு. 60 என்ற மங்கல் அளவு என் படத்துக்குப் பொருந்தியது. எழுத்து அங்கே 50 பிக்சல் உயரம். அளவு மிகச் சிறிதானால் எழுத்தே கரையாமல் நின்று தன்னைத்தானே வகுத்து வெளிறும். மிகப் பெரிதானால் செங்குத்தாக இறங்கும் நிழலை அது பிடிக்காது. எழுத்து உயரத்தை ஒட்டி ஆரம்பித்து, மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள்.

மடிப்பின் அடியில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இதற்குப் பிறகும் நிற்கும். அங்கே எழுத்து இல்லை. கடைசி வெட்டில் போய்விடும்.

"பக்கத்தில போட்டோ இருக்கு. நீங்க சொன்னபடி செய்ததும் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி வந்திட்டுது!"

வகுத்தல், பெரிய கறுப்புப் பகுதியையும் நிழல் என்றே எண்ணிக்கொள்ளும். கறுப்பு கோட், கருங்கூந்தல் எல்லாம் சாம்பலாகிவிடும். கல்வெட்டின் முதல் பக்கத்தில் இறந்தவரின் படம் இருப்பது வழமை என்பதால் இது அடிக்கடி நடக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுங்கள். கட்டுக்கு எட்ட இருக்கும் படத்தைத் தொடாமல் விட்டு, எழுத்துப் பகுதிக்கு மட்டும் வகுத்தலைச் செய்யுங்கள். GIMP இல் மேற்படலத்துக்கு ஒரு முகமூடி போட்டுப் படம் இருக்கும் இடத்தைக் கறுப்பால் தீட்டினால் வேலை முடிந்தது.

"நாலு மூலையையும் பிடிச்சு இழுக்கிற ஆப் ஒண்டு இருக்கு. அது வளைவை எடுக்காதா?"

எடுக்காது. நாலு மூலை இழுப்பு, சாய்ந்து எடுத்த தட்டையான தாளைச் செவ்வகமாக்கும். பில்லுக்கும் கடிதத்துக்கும் அது போதும். மூலைகளுக்கு இடையில் இருக்கும் ஓரம் நேர்க்கோடு என்று அது எடுத்துக்கொள்கிறது. புத்தகத்தின் மேலோரமோ வில். இழுத்த பிறகும் வில் வில்லாகவே இருக்கும், சில நேரம் இன்னும் கோணலாக.

வளைவுக்கு நான் பாவிப்பது ScanTailor Advanced. இலவசம். பழைய கணினியிலும் ஓடும்.

"அதைத் திறந்ததும் DPI கேட்டுத் தொல்லை பண்ணுது. பிறகு ஒரு கட்டம், ஒரு நீலக் கோடு... ஒண்டும் விளங்கேல்ல, சேர்."

DPI என்றால் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது. அதைக் கேட்பதற்குக் காரணம், போன் படத்துக்குத் தாளின் உண்மை அளவு தெரியாது. இரண்டாவது பதிலில் நாங்கள் செய்த கணக்கைச் செய்து, 400 என்றால் 400 என்று இரண்டு பெட்டியிலும் போடுங்கள். சும்மா 72 என்று விட்டால் பின்னால் எல்லாமே பிழைக்கும்.

அப்புறம் Split Pages. மூன்று விதப் பக்கப் படம் காட்டும்: ஒற்றைப் பக்கம், ஒரு பக்கமும் பக்கத்துப் பக்கத்தின் துண்டும், இரட்டைப் பக்கம். எங்களுக்கு வேண்டியது நடுவில் உள்ளது. கோட்டை மடிப்பின் ஆழத்தின் மேல் வையுங்கள். மடிப்பு சரிவாக ஓடினால் கோட்டின் இரு நுனியையும் பிடித்துச் சரிக்கலாம். எதிர்ப்பக்கத்தின் எழுத்து இங்கேயே ஒழிந்துவிடும்.

Deskew தானாகப் பார்த்துக்கொள்ளும். வளைந்த பக்கத்தில் அது ஏமாறக்கூடும் என்பதால் பக்க நடுவில் உள்ள வரிகளை மட்டும் பார்த்துக் கையால் திருத்துங்கள். Select Content இல்தான் பலர் விழுகிறார்கள். மென்பொருள் நிழலையும் எழுத்து என்று நினைத்துக் கட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளும். நீங்கள் கோபத்தில் இறுக்கிவிடுவீர்கள். இறுக்காதீர்கள்! இந்த மென்பொருளில் நிமிர்த்தல் கடைசிப் படியான Output இல்தான் நடக்கிறது; கட்டம் அதற்கு முன்பே போடப்படுகிறது. வளைந்து போகும் முதல் வரியின் நுனியும் கடைசி வரியின் நுனியும் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். அதற்காக மூலையில் கொஞ்சம் கறுப்பு வந்தால் வரட்டும்.

Output இல் Dewarping என்பதை முதலில் தானியங்கியாக விட்டுப் பாருங்கள். நான் செய்த 48 பக்கத்தில் 31 பக்கம் அப்படியே சரி. மீதிக்குக் கையால் செய்ய வேண்டும்: வலை போன்ற கோடுகள் தெரியும்; மேல் வளைவை முதல் வரியின் மேலும், கீழ் வளைவைக் கடைசி வரியின் மேலும் படுக்கவையுங்கள். புள்ளிகளை நகர்த்திக் கட்டருகே வளைவு இறுகும் இடத்தில் இரண்டு மூன்று புள்ளியும், தட்டையான இடத்தில் ஒன்றிரண்டும் இருக்கும்படி பாருங்கள். வேண்டாத புள்ளியின் மேல் சுட்டியை வைத்து D அழுத்தினால் போய்விடும். தாளின் ஓரத்தைப் பின்பற்றாதீர்கள், வரியைப் பின்பற்றுங்கள். பழைய தாளின் ஓரம் பூச்சி அரித்தும் கோணலாக வெட்டியும் இருக்கும். அச்சு வரி அப்படி இராது.

நிமிர்த்திய பிறகும் மூலையில் கறுப்பு நின்றால் Fill Zones இல் அதைச் சுற்றி ஒரு வேலி போடுங்கள். அது வெள்ளையாகிவிடும்.

"நிமிர்ந்திட்டுது எண்டு எப்பிடித் தெரியும்? கண்ணுக்கு நேராத்தான் இருக்கு."

ஒரு காகித அட்டையின் நேர் ஓரத்தைத் திரையில் வரியின் அடியில் வைத்துப் பாருங்கள். முதல் வரி, நடு வரி, கடைசி வரி மூன்றையும் பார்க்க வேண்டும். முதலும் கடைசியும் நேராக இருந்து நடு வரி வளைந்தால், வேலை இன்னும் முடியவில்லை; மேல் கீழ் வளைவுகளைத் திரும்பப் பாருங்கள்.

இரண்டாவது சோதனை எழுத்தின் அகலம். கட்டருகே உள்ள ஒரு "ம" வையும் பக்க நடுவில் உள்ள ஒரு "ம" வையும் பெருப்பித்து ஒப்பிடுங்கள். கட்டருகே இன்னும் ஒல்லியாக இருந்தால் Depth perception என்ற நகர்த்தியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். பருத்துப் போனால் மறுபக்கம். ஒரு பக்கத்தில் சரிவந்த அளவு, அதே உயரத்தில் எடுத்த மற்றப் பக்கங்களுக்கும் பெரும்பாலும் சரிவரும்.

"எல்லாம் வெள்ளை வெளேரெண்டு வந்திட்டுது. ஆனா அம்மா வாசிச்சுப் போட்டு எழுத்துப் பிழை எண்டுறா?"

அம்மா சொல்வது சரி. புள்ளிகள் போயிருக்கும். தூசியைத் துடைக்கும் Despeckling, சிறிய கறுப்புப் பொட்டு எதையும் தூசி என்றே பார்க்கும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும் ஒரு சிறிய பொட்டுத்தான். "அவர்கள்" என்ற சொல் "அவரகள" என்று வந்து நிற்கும். ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு i தலையிழந்தாலும் வாசித்துவிடலாம். இங்கே புள்ளி போனால் எழுத்தே வேறு. கட்டருகே இன்னும் மோசம், ஏனென்றால் புள்ளிகளும் அங்கே ஒடுங்கிச் சிறுத்திருக்கின்றன.

தூசி துடைப்பை அடியோடு நிறுத்துங்கள். அல்லது ஆகக் குறைந்த அளவில் வைத்து, ஒரு வரியின் புள்ளிகளை மூலப் படத்திலும் வெளியீட்டிலும் எண்ணிப் பாருங்கள். நான் ஒரு பக்கத்துக்குக் கட்டருகே ஒரு வரியாவது எண்ணுவேன். கறுப்பு வெள்ளை ஆக்கும் முறையாக Otsu இருந்தால் Sauvola அல்லது Wolf ஆக மாற்றுங்கள்; முதலாவது முழுப் பக்கத்துக்கும் ஒரே கோடு கிழிக்கும், மற்ற இரண்டும் அந்தந்த இடத்தைப் பார்த்துக் கோடு கிழிக்கும். உண்மையைச் சொன்னால், பழைய ஈய அச்சுக்குக் கறுப்பு வெள்ளையே வேண்டாம், சாம்பல் நிறத்தில் விடுங்கள் என்பதுதான் என் கட்சி. கோப்பு கொஞ்சம் பெருக்கும், பரவாயில்லை.

"வெளியோரத்தில கோடு கோடா வருதே, அது நிழல் இல்லையே?"

அது கீழே அடுக்கியிருக்கும் மற்றப் பக்கங்களின் ஓரம். படி போல இறங்கி வளைந்து தெரியும். மென்பொருள் அதை எழுத்து என்றும், தாளின் ஓரம் என்றும் மாறி மாறி நினைத்துக் குழம்பும். எடுக்கும் தாளுக்கு அடியில் ஒரு கறுப்பு அட்டையைச் செருகி, வெளியோரத்தில் இரண்டு விரல் நீட்டி விடுங்கள். படிகள் மறையும், தாளின் உண்மை ஓரம் கத்தியால் வெட்டியது போல் தெரியும். மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து ஊடாகத் தெரிவதும் இதே அட்டையால் குறையும்.

மாரி காலத்தில், கார்த்திகை மார்கழியில், கடற்காற்றின் ஈரத்தில் தாள் அப்பளம் போல நெளியும். அப்போது வளைவு கட்டருகே மட்டுமல்ல, எங்கும் இருக்கும். அந்த அலைகளை மேல் வளைவும் கீழ் வளைவும் வைத்து நிமிர்த்த முடியாது. கண்ணாடிதான் மருந்து, அல்லது பொறுமை. புத்தகத்தைப் பாரத்தின் கீழ் உலர்ந்த அறையில் சில நாள் வைத்துவிட்டு எடுங்கள்.

"ஓரத்தில அப்பப்பா பென்சிலால எழுதினது இருக்கு. அதையும் வெட்டத்தான் வேணுமா?"

வேண்டாம். அந்தப் பக்கத்துக்கு மட்டும் கட்டத்தை அகலமாக இழுங்கள். Margins படியில் எல்லாப் பக்கமும் ஒரே அளவுத் தாளில் உட்காரும்படி செய்தால், ஒரு பக்கம் அகன்றாலும் புத்தகம் ஒன்றாகவே தெரியும். பென்சில் கோடு வெளிறியது என்பதால் கறுப்பு வெள்ளையில் நிச்சயம் காணாமல் போகும், சாம்பலில் விடுங்கள்.

"வகுத்தும் பாத்தன், நிமிர்த்தியும் பாத்தன். கட்டுக்குள்ள போன எழுத்து ரெண்டு தெரியவே இல்ல. இனி?"

படத்தில் இல்லாததை எந்தப் படியும் கொண்டுவராது. முதல் பதிலில் சொன்ன 60 பாகைச் சாய்வில் எழுத்து பாதிதான் விழுந்தது. நிமிர்த்தும்போது அந்தப் பாதியை இழுத்து முழுதாக்குகிறோம். உருவம் சரியாகும், விபரம் கூடாது. மடிப்புக்குள்ளேயே மறைந்திருந்தால் இழுக்கவும் ஒன்றுமில்லை.

அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுங்கள். புத்தகத்தை 90 பாகைக்கு மட்டும் திறந்து, போனை அந்தக் கட்டோரப் பட்டைக்கு நேர் எதிரே சாய்த்து, பட்டையை மட்டும் ஒரு தனிப் படம் எடுங்கள். பக்க நடு மோசமாக விழுந்தாலும் கவலை இல்லை. இரண்டு படத்தையும் ஒட்ட முயல வேண்டாம், அனேகமாகப் பிசகும். பட்டையைப் பார்த்து வரி நுனிகளைத் தட்டச்சு செய்து பக்கத்தின் கீழே குறிப்பாகச் சேர்ப்பது நேர்மையான வழி.

"கட்டைப் பிரிச்சுப் போட்டா லேசுதானே?"

எந்தக் கட்டு என்று பாருங்கள். நடுவில் இரண்டு கம்பி குத்திய மெல்லிய கல்வெட்டு என்றால், உட்பக்கத்தில் மடங்கிய கம்பிக் கால்களை மொட்டைக் கத்தியால் நிமிர்த்திப் பின்னாலிருந்து மெல்ல எடுக்கலாம். இங்கே உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துத் தாளை ஏற்கெனவே தின்றுகொண்டுதான் இருக்கும், எடுப்பது நல்லதுகூட. தாள் தட்டையாகிவிடும், மேலே எழுதிய பாதி தேவைப்படாது. அந்த 1971ஆம் ஆண்டுக் கல்வெட்டையும் உரியவர்களிடம் கேட்டுப் பிரித்திருக்கலாம். கேட்க எனக்கு யோசனை வந்தது 40ஆவது பக்கத்தில்.

பசை போட்ட முதுகு, நூலால் தைத்த கட்டு இரண்டையும் தொடாதீர்கள். பழைய பசை ஒருமுறை விட்டால் தாள் தாளாகக் கழன்று வரும். பக்கவாட்டில் துளைத்துக் குத்திய கட்டுத்தான் எல்லாவற்றிலும் கெட்டது. திறக்கவும் விடாது, எழுத்தையும் விழுங்கும். அதற்கு முந்தைய பதிலில் சொன்ன பட்டைப் படம்தான் கதி.

"முடிஞ்சுது. குடுக்க முதல் கடைசியா என்ன பாக்கிறனீங்கள்?"

பி.டி.எஃப் ஆக்கி, பக்கங்களைக் கீழ் அம்பால் வேகமாகத் தள்ளிப் பார்ப்பேன். முதல் வரி ஒரே உயரத்தில் நின்றால் சரி. தவளை மாதிரிக் குதித்தால் அந்தப் பக்கத்தின் கட்டம் பிசகியிருக்கிறது. பிறகு ஒற்றைப் பக்கங்களின் இடது ஓரத்தையும், இரட்டைப் பக்கங்களின் வலது ஓரத்தையும் மட்டும் வரி வரியாக வாசிப்பேன். அரை எழுத்து எங்கும் இல்லை என்றால் கொடுத்துவிடுவேன். மூலப் படங்களைத் தனி உறையில் போட்டு அதையும் கூடவே கொடுக்கிறேன். போன வருடம் நான் அளவுக்கு மிஞ்சி வெட்டிய ஒரு மலரை அந்த மூலப் படங்களில் இருந்துதான் திரும்பச் செய்தேன்.